பேர் போர்டுக்கு இரண்டாவது சப்ளையர்: நான்கு வழிகள், ஒரு கணக்கு

"அண்ணே, பினாங்குல இன்னொரு ஏஜெண்டுகிட்ட விலை கேட்டு வெச்சிருக்கேன். பழைய ஆள் கைவிட்டா இவர்கிட்ட போயிடலாம். அது போதாதா?"

பீடோங், சுங்கைப் பட்டாணி பக்கம் சிறிய அளவில் எலெக்ட்ரானிக் அசெம்பிளி நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போதுமா இல்லையா என்பது எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரெசிஸ்டர், கெபாசிட்டர், ரிலே போன்றவை பட்டியல் சரக்கு. அவற்றின் பாகஎண் தெரிந்தால் இன்னொரு விநியோகஸ்தரிடம் அதே பொருளை வாங்கலாம். பேர் போர்டு, அதாவது பாகங்கள் ஏற்றாத வெற்று சர்க்யூட் போர்டு, அப்படிப்பட்டதல்ல. அது உங்கள் வரைபடத்துக்கென்றே செய்யப்படுவது, எந்தக் கடை அலமாரியிலும் இருக்காது. ஒரே ஆலையை நம்பியிருந்து அது நின்றுபோனால், மற்ற பாகங்கள் பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடந்தாலும் லைன் நகராது. அதனால் இந்தக் கட்டுரை பேர் போர்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

## கணக்குக்கு ஒரு மாதிரி

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, தோட்டப்புறச் சிறுநகரம் ஒன்றில் 12 பேரோடு, வீட்டு வாசல் கதவைத் தானாகத் திறக்கும் ஆட்டோகேட் கன்ட்ரோலர் செய்யும் ஒரு சிறு தொழிலை மாதிரியாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

போர்டு 100 × 80 மி.மீ., இரண்டு அடுக்கு, எஃப்ஆர்-4, 1.6 மி.மீ. தடிமன், ஈயமில்லா ஹாசல் பூச்சு. நான்கு போர்டு சேர்ந்தது ஒரு பேனல். மாதம் 1,200 போர்டு தேவை, வாரத்துக்கு 300. விலை போர்டுக்கு 6 ரிங்கிட். இப்போதைய சப்ளையர் பினாங்கு ஏஜெண்ட், ஆலை சீனாவில். ஆர்டர் போட்டு மூன்று வாரத்தில் சரக்கு வந்துவிடும். கையிருப்பு இரண்டு வாரத்துக்கு, அதாவது 600 போர்டு. பாகங்களின் செலவு போக ஒரு கன்ட்ரோலருக்கு 25 ரிங்கிட் நிற்கிறது. சம்பளமும் வாடகையும் அதிலிருந்துதான்.

இந்த சப்ளையர் திடீரென்று நின்றுவிட்டார் என்று வையுங்கள். "அடுத்த வாரம் கட்டாயம்" என்ற பதிலை நம்பிக் காத்திருப்பதில் ஒரு வாரம் போகும். புது ஆலையைத் தேடி, விலை கேட்டு, கணக்குத் திறக்க ஒரு வாரம். அவர்களுடைய பொறியாளர் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு வாரம். மாதிரி செய்து வர இரண்டு வாரம், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாரம், பெரிய ஆர்டர் செய்து வந்துசேர மூன்று வாரம். மொத்தம் ஒன்பது வாரம். கையிருப்பு இரண்டு வாரம்தான் தாங்கும். மீதி ஏழு வாரத்தில் 2,100 கன்ட்ரோலர் போகாது. 25 ரிங்கிட் வீதம் 52,500 ரிங்கிட். ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது அளவுகோல் நேரம். முதல் சப்ளையர் நின்ற நாளிலிருந்து, மாற்று இடத்திலிருந்து நல்ல போர்டு கைக்கு வரும் நாள்வரை எத்தனை வாரம்? கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது:

```
கையிருப்பு = வாரத் தேவை × (முடிவெடுக்கும் வாரம் + மாற்று ஆலையின் வாரம்)
```

அடைப்புக்குள் முதலில் இருக்கும் "முடிவெடுக்கும் வாரத்தை" பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பழகிய சப்ளையர்மேல் மரியாதை இருக்கும், விட்டுக்கொடுக்க மனம் வராது. அந்தத் தயக்கத்துக்கும் போர்டு செலவாகிறது. "வாக்குத் தேதி ஐந்து வேலைநாள் தவறினால் மாற்று ஆலைக்கு ஆர்டர் போகும்" என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால் அது ஒரு வாரத்தோடு நிற்கும்.

இரண்டாவது, வேர் ஒன்றா இரண்டா என்பது. பினாங்கில் இரண்டு ஏஜெண்டுகள், இரண்டு விலைப்பட்டியல், இரண்டு பில். ஆனால் இருவரும் சீனாவில் ஒரே ஆலையிடம் வாங்குகிறார்களென்றால் உங்களுக்கு இருப்பது ஒரே சப்ளையர்தான். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போர்டின் மேல், பெரும்பாலும் வெள்ளை எழுத்தில், ஆலையின் சின்னமும் யூஎல் குறியும் நான்கு இலக்கத் தேதிக் குறியும் இருக்கும். இரண்டு ஏஜெண்டின் மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலைச் சின்னம் ஒன்றாக இருந்தால் விஷயம் முடிந்தது. குறி இல்லாவிட்டால் ஆலையின் யூஎல் கோப்பு எண்ணைக் கேளுங்கள். ஈ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் அது. மாற்று சப்ளையராக இருக்க விரும்புகிறவர் அந்த எண்ணைத் தரத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பணம். விலை வித்தியாசம் எல்லார் கண்ணிலும் படும். படாதது கடன் தவணை. பழைய சப்ளையர் 60 நாள் தவணை தருகிறார், புதியவர் முதல் சில ஆர்டருக்குப் பாதிப் பணத்தை முன்னால் கேட்பார். நெருக்கடி நேரத்தில் அந்த ரொக்கமும் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, உண்மையான கோப்பு யாரிடம் இருக்கிறது என்பது. இதை மூன்றாம் வழியில் விரிவாகப் பார்ப்போம். இந்த ஒப்பீட்டில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

## வழி 1: சரக்கை மட்டும் கூட்டிவைப்பது

இரண்டாவது ஆலை வேண்டாம், இருக்கிற ஆலையிடமே அதிகம் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது முதல் வழி. ஒன்பது வாரத்துக்கு 2,700 போர்டு, 16,200 ரிங்கிட். ஏற்கெனவே இருக்கும் 600 போக, புதிதாக முடங்கும் பணம் 12,600.

இதில் நல்லது ஒன்று உண்டு. செப்பு, லேமினேட் தட்டுப்பாடு போல எல்லா ஆலைகளையும் ஒரே நேரத்தில் அடிக்கும் நெருக்கடியில் கையில் இருக்கும் சரக்கு மட்டுமே காப்பாற்றும். 2021 மே மாதம் செப்பு விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டி, லேமினேட் விலையும் ஏறியபோது, இரண்டு ஆலை வைத்திருந்தவர்களுக்கும் இரண்டிலிருந்தும் விலையேற்றக் கடிதம்தான் வந்தது.

கெட்டது, சரக்கு முழுவதும் ஒரே ஆலையினுடையது என்பது. அந்தத் தொகுதியில் துளைச் சுவர் செப்பு மெலிந்திருந்தால் உங்கள் காப்பே பழுதாகிவிடும். வரைபடம் ரெவிஷன் மாறினால் 2,700 போர்டும் குப்பைக்குப் போகலாம்.

நம் ஊர்க் காற்றையும் சொல்ல வேண்டும். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த நகரத்தில், தகரக் கூரைக் கொட்டகையில், இரவில் ஏர்கான் அணைந்ததும் ஈரப்பதம் ஏறும். எஃப்ஆர்-4 அந்த ஈரத்தை மெல்லக் குடிக்கும். ரீஃப்ளோ சூட்டில் அது ஆவியாகி, அடுக்குகள் பிரிந்து வெண்திட்டுகளும் கொப்புளங்களும் தெரியும். ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் ஈரம் காட்டும் அட்டையும் வைத்து வெற்றிட உறையில் வந்த சரக்கைப் பிரிக்காமல் வைத்தால், ஹாசல் பூச்சை ஏறத்தாழ ஓராண்டு நம்பலாம். ஓஎஸ்பி பூச்சென்றால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறிய ஹாசல் போர்டை 105 முதல் 125 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்திக் காப்பாற்றலாம். ஓஎஸ்பி போர்டை அப்படிச் சூடாக்கினால் பூச்சு கெட்டு சால்டர் ஒட்டாது. பழைய உறையை முதலில் எடுக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில் இந்த வழியே வேண்டாம்.

## வழி 2: காகிதத்தில் ஒரு மாற்று

விலை வாங்கிக் கோப்பில் வைத்திருப்பது. தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் வழி இதுதான். செலவு ஒன்றுமில்லை. மிச்சமாகும் நேரம் ஒரே ஒரு வாரம், விலை கேட்டுக் கணக்குத் திறக்கும் வாரம். ஒன்பது எட்டாகும், கையிருப்புத் தேவை 2,400 போர்டாகும்.

அந்த ஒரு வாரமும் நிச்சயமில்லை. விலைப்பட்டியல் பெரும்பாலும் 30 நாளில் காலாவதியாகும். ஒரு ஆலை நின்றதும் அதன் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வேறு ஆலைகளின் கதவைத் தட்டுவார்கள். அங்கே ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவருக்கு முதலிடம், விலை மட்டும் கேட்டு வைத்தவருக்குக் கடைசி இடம். சீனப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் இது இன்னும் கடுமையாகும்.

மாதம் 50 போர்டு மட்டும் வாங்குகிறவருக்கு இந்த வழி போதும். அவருக்கு ஒன்பது வாரச் சரக்கு என்பதே ஒரு சின்னப் பெட்டிதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு விலைப்பட்டியலைக் கோப்பில் போட்டால் வேலை முடிந்தது.

## வழி 3: சோதித்து முடித்து, சிறு ஆர்டரில் சூடாக வைத்திருப்பது

இரண்டாவது ஆலையை நெருக்கடி வருமுன்பே மாதிரி செய்யவைத்து, சோதித்து, ஒப்புதல் கொடுத்துவிடுவது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 100 பேனல் மட்டும் வாங்குவது. நெருக்கடி வந்தால் முடிவெடுக்க ஒரு வாரம், செய்து வர மூன்று வாரம், மொத்தம் நான்கு வாரம்தான். கையிருப்பு 1,200 போர்டு, 7,200 ரிங்கிட். காகித மாற்றோடு ஒப்பிட்டால் முடங்கும் பணத்தில் பாதி மிச்சம்.

செலவைப் பார்ப்போம். கருவிக் கட்டணம் 600 ரிங்கிட் என்று வையுங்கள். சோதனைத் தொகுதி 50 பேனல், 200 போர்டு, ஒன்று 9 ரிங்கிட் வீதம், வழக்கமான விலையைவிட 600 அதிகம். துளையை வெட்டிப் பார்க்கும் அறிக்கைக்கும் இன்னும் கொஞ்சம் வையுங்கள். ஆக ஒருமுறைச் செலவு 1,500 ரிங்கிட்டுக்குள். அதன்பின் ஆண்டுக்கு 800 போர்டு, 7.50 வீதம், கூடுதல் 1,200 ரிங்கிட். முதல் சப்ளையர் இழப்பது ஆண்டின் 14,400 போர்டில் 800 மட்டும். அவர் விலையை ஏற்ற அது காரணமாகாது.

கணக்கு எளிது. சிரமமெல்லாம் சோதித்து முடிப்பதில் இருக்கிறது. பெரும்பாலான மாற்று ஏற்பாடுகள் தோற்பது அங்கேதான் என்பதால், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உண்மையான கோப்பு. நீங்கள் அனுப்பிய கெர்பர் கோப்பை எந்த ஆலையும் அப்படியே ஓட்டுவதில்லை. அங்கே கோப்பை உற்பத்திக்குத் தயார் செய்யும் கேம் பொறியாளர் துளையைச் சுற்றிய வளையத்தை அகலப்படுத்துவார், பச்சைப் பூச்சின் இடைவெளியைச் சரிசெய்வார், நான்கு போர்டைச் சேர்த்துப் பேனல் வரைவார். மூன்று ஆண்டுக்கு முன் ஒரு மின்னஞ்சலில் "இந்தத் துளை சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கவா?" என்று கேட்டிருப்பார், இங்கிருந்து "சரி" என்று பதில் போயிருக்கும். அந்தத் திருத்தம் அவர்களுடைய கோப்பில் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. பழைய கோப்பைப் புது ஆலைக்கு அனுப்பினால் பழைய குறை திரும்பி வரும். ரிலேயின் கால் துளைக்குள் இறங்காமல் நிற்கும்போதுதான் அது தெரியும்.

எனவே முதல் வேலை, இப்போதைய சப்ளையரிடம் உற்பத்திக் கோப்பையும் பேனல் வரைபடத்தையும் கேட்டு வாங்குவது. உறவு நன்றாக இருக்கும்போது கேட்க வேண்டிய பொருள் அது. சண்டை வந்தபின் கிடைக்காது. தரமாட்டோம் என்றால், கேள்வி பதில் மின்னஞ்சல்களை எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் உங்கள் வரைபடத்தில் ஏற்றிப் புது ரெவிஷன் எண் கொடுங்கள். கையில் இருக்கும் நல்ல போர்டை அளந்தும் ஒப்பிடுங்கள். புது ஆலைக்குப் போகும் கட்டு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
GATE_RevD_top.gtl
GATE_RevD_bottom.gbl
GATE_RevD_mask_top.gts
GATE_RevD_mask_bot.gbs
GATE_RevD_silk_top.gto
GATE_RevD_outline_slots.gko
GATE_RevD_drill.drl
GATE_RevD_panel.pdf
GATE_RevD_fabnotes.pdf
```

ஆறாவது வரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஆட்டோகேட் போர்டில் 240 வோல்ட் பகுதிக்கும் தாழ்மின் பகுதிக்கும் நடுவே ஒரு நீள வெட்டு இருக்கும். மின்சாரம் போர்டின் மேற்பரப்பில் ஊர்ந்து மறுபக்கம் தாவாமல் தடுப்பது அந்த வெட்டுதான். பல வரைபடங்களில் அது துளைக் கோப்பில் இல்லாமல் குறிப்பு அடுக்கில் வெறும் கோடாக நிற்கும். பழைய ஆலைக்கு அது பழகியிருக்கும். புது ஆலை அதை அலங்காரக் கோடு என்று விட்டுவிடலாம். வெட்டு இல்லாத போர்டும் வேலை செய்யும், சோதனையிலும் தேறும். மழைக்காலத்தில், எறும்பும் ஈரமும் புகுந்த பெட்டிக்குள்தான் ஆபத்து வெளிப்படும். குறிப்புத் தாளில் வெட்டின் நீளம், அகலம், இடம் மூன்றையும் எழுத்தால் எழுதுங்கள்.

அதே தாளில் "செப்பு 1 அவுன்ஸ்" என்று மட்டும் எழுதினால் ஒரு ஆலை தொடக்கத் தகட்டை நினைக்கும், இன்னொன்று முலாம் பூசி முடிந்த தடிமனை நினைக்கும். "முடிந்த செப்பு 35 மைக்ரோமீட்டர்" என்று எழுதினால் குழப்பம் வராது. மோட்டார் ஓட்டும் தடத்தில் இந்த வித்தியாசம் சூடாகத் தெரியும்.

பேனல் ஒன்றாக இருக்க வேண்டும். புது ஆலை தன் தகட்டை வீணாக்காமல் வெட்டுவதற்காகப் பேனலைத் திருப்பிப் போடலாமா, ஓரப் பட்டையைக் குறைக்கலாமா என்று கேட்கும். விலையும் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். ஒப்புக்கொள்ளாதீர்கள். பேனல் மாறினால் ஸ்டென்சில் மாறும், பாகம் வைக்கும் எந்திரத்தின் புரோகிராம் மாறும், அலைச் சால்டரிங் தட்டும் சோதனை ஜிக்கும் மாறும். நெருக்கடி நாளில் அந்த நான்கும் தயாராக இருக்காது. எங்கள் மாதிரியில் பேனல் 200 × 170 மி.மீ., இரு பக்கமும் 5 மி.மீ. பட்டை, பட்டையில் 1 மி.மீ. அடையாளப் புள்ளிகள். இரண்டு ஆலையிலும் அதே அளவு, அதே இடம்.

போர்டுகளை இணைக்கும் வி-வெட்டு தனியாகக் கவனிக்க வேண்டியது. 1.6 மி.மீ. போர்டில் வெட்டு போக நடுவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 0.5 மி.மீ. அளவு, மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் தடித்திருந்தால் பிரிக்கும்போது போர்டு வளையும், ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செராமிக் கெபாசிட்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அன்று சோதனையில் தேறிவிடும். சில வாரம் கழித்து வாடிக்கையாளர் வீட்டு வாசலில் கேட் திறக்காது. மிகவும் மெலிந்திருந்தால் ரீஃப்ளோ அடுப்பில் பேனல் நடுவே தொய்ந்து இறங்கும். பிரித்த போர்டின் ஓரத்தில் முறிந்த பட்டையை வெர்னியரால் அளந்தாலே இது தெரிந்துவிடும்.

மாதிரி வந்ததும். ஆலையிடம் துளையை வெட்டி எடுத்த நுண்ணோக்கி அறிக்கையைக் கேளுங்கள். ஐபிசி-6012 தரத்தின் இரண்டாம் வகுப்பில் துளைச் சுவர் செப்பு சராசரி 20 மைக்ரோமீட்டர், எந்த இடத்திலும் 18க்குக் குறையக் கூடாது. வெப்பச் சோதனையும் அதில் இருக்க வேண்டும்: 288 டிகிரி உருகிய சால்டரில் 10 விநாடி மிதக்கவிட்ட பின் அடுக்கு பிரிந்திருக்கக் கூடாது.

உங்கள் மேசையில் செய்யக்கூடியது வளைவுச் சோதனை. பேனலைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து, எழும்பி நிற்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பாருங்கள். மேற்பரப்பில் பாகம் ஏற்றும் போர்டுக்கு அனுமதி 0.75 சதவீதம். 200 மி.மீ. நீளத்துக்கு அது 1.5 மி.மீ. அதைத் தாண்டினால் ஸ்டென்சில் ஒட்டி உட்காராது, பேஸ்ட் அளவு பேனலின் நடுவே ஒருவிதமாகவும் ஓரத்தில் வேறுவிதமாகவும் விழும்.

பிறகு 50 பேனலையும் உங்கள் லைனிலேயே, வழக்கமான ஸ்டென்சிலும் புரோகிராமும் கொண்டு, எதையும் சரிசெய்யாமல் ஓட்டுங்கள். எந்திரம் அடையாளப் புள்ளியைப் படிக்கத் தடுமாறுகிறதா, எந்தக் கால் துளைக்குள் இறங்கவில்லை என்று எழுதிவையுங்கள். ஏதாவது ஒன்றைத் தொட்டுச் சரிசெய்தால்தான் ஓடுகிறது என்றால் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

சிறு ஆர்டரில் இன்னொன்று நடக்கலாம். ஆலை செலவைக் குறைக்க மின்சோதனையை விட்டுவிடக்கூடும். சிறு தொகுதிக்குத் தனிச் சோதனைச் சட்டம் செய்யத் தேவையில்லை, பறக்கும் ஊசி எந்திரத்தில் ஒவ்வொரு போர்டையும் சோதிக்கலாம். "நூறு சதவீத மின்சோதனை" என்று ஆர்டரிலேயே எழுதி, ஒவ்வொரு பொட்டலத்திலும் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆலையில் பொறியாளர் மாறுவார், உங்கள் கருவிகள் பழைய வாடிக்கையாளர் என்று அழிக்கப்படும், உங்கள் பக்கத்தில் ரெவிஷன் டியிலிருந்து ஈ ஆகியிருக்கும். இரண்டு ஆண்டு தொடாத ஒப்புதல் காகித மாற்றாகவே ஆகிவிடும்.

இந்த இரண்டாவது ஆலை எங்கே இருக்கலாம்? முதலாவது சீனாவில் என்றால் இரண்டாவது மலேசியாவிலேயே இருப்பது நல்லது. விலை கூடுதலாக இருந்தாலும் சீனப் பெருநாள் நீண்ட விடுமுறையும் துறைமுகத் தாமதமும் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காது. வெளிநாடுதான் கிடைக்கிறது என்றாலும் எடை பெரிய தடையில்லை. இந்தப் பேனல் ஒன்று சுமார் 110 கிராம், 300 பேனல் 33 கிலோ. நெருக்கடியில் விமானக் கூரியரில் வரவழைக்கலாம்.

## வழி 4: எழுபதுக்கு முப்பது என்று பிரிப்பது

ஒவ்வொரு மாதமும் இருவரிடமும் வாங்குவது. 840 பழைய ஆலைக்கு, 360 புது ஆலைக்கு. ஒருவர் நின்றாலும் மற்றவரின் 30 சதவீதம் வந்துகொண்டே இருக்கும். குறைவது வாரத்துக்கு 210 போர்டு. நான்கு வாரத்துக்கு 840 கையிருப்பு போதும், 5,040 ரிங்கிட்.

ஆனால் அளவு குறைந்ததும் பழைய ஆலை 6 ரிங்கிட்டை 6.25 ஆக்கும் என்று வையுங்கள், மாதம் 210 கூடுதல். புது ஆலை 6.90 என்றால் மாதம் 324. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 6,408 ரிங்கிட். வரும் சரக்கைச் சோதிக்கும் வேலையும் இரட்டிப்பாகும். 30 சதவீதம் செய்கிறவர் மறுநாளே 100 சதவீதம் செய்துவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். அவருக்கும் தகடும் எந்திர நேரமும் வேண்டும். "எத்தனை நாளில் மாதம் 1,200க்கு ஏற முடியும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு ஆலைப் போர்டும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் பழுது வரும்போது யாருடையது என்று தெரியாது. கன்ட்ரோலரின் சீரியல் எண்ணோடு ஆலையையும் தேதிக் குறியையும் பதிவு செய்யும் வழக்கம் இல்லாத இடத்தில், பிரித்து வாங்குவது பிரச்சினையைத்தான் பிரித்துக் கொடுக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சரக்கு மட்டும் | காகித மாற்று | சோதித்த மாற்று | 70/30 |
|---|---|---|---|---|
| நல்ல போர்டு வர | 9 வாரம் | 8 வாரம் | 4 வாரம் | 30% உடனே, மீதி 4 வாரம் |
| தேவையான கையிருப்பு | 2,700 | 2,400 | 1,200 | 840 |
| முடங்கும் பணம் (ரிங்கிட்) | 16,200 | 14,400 | 7,200 | 5,040 |
| ஒருமுறைச் செலவு (ரிங்கிட்) | இல்லை | இல்லை | சுமார் 1,500 | சுமார் 1,500 |
| ஆண்டுக் கூடுதல் (ரிங்கிட்) | இல்லை | இல்லை | 1,200 | 6,408 |
| ஒரே ஆலைத் தொகுதிப் பழுது | காக்காது | காக்காது | காக்கும் | காக்கும் |
| எல்லா ஆலைக்கும் தட்டுப்பாடு | காக்கும் | சரக்கு உள்ளவரை | கொஞ்சம் | கொஞ்சம் |

## யாருக்கு எது

இந்த மாதிரித் தொழிலுக்கு மூன்றாவது வழிதான் சரி. ஏழு வார நிறுத்தம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று வைத்தால் அதன் பங்கு ஆண்டுக்கு 5,250 ரிங்கிட். அதைத் தவிர்க்க 1,200 கொடுப்பது நியாயம், 6,408 கொடுப்பது அதிகம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று நினைக்கக் காரணம் இருந்தால் (தேதி தவறுவது வழக்கமாகிவிட்டது, ஏஜெண்ட் தொலைபேசியை எடுப்பதில்லை, தவணையைத் திடீரென்று குறைக்கிறார்) பங்கு 13,125 ஆகிவிடும். அப்போது 70/30 தன் விலைக்குத் தகுதியாகிறது.

இன்னும் ஓராண்டில் நிறுத்தப்போகும் பழைய மாடலுக்குச் சரக்கு மட்டும் போதும். மீதித் தேவையை எண்ணி, கடைசியாக ஒருமுறை வாங்கி, வெற்றிட உறையில் வையுங்கள். புது ஆலையைச் சோதிக்கும் உழைப்பு அங்கே வீண்.

கூலிம், பாயான் லெப்பாஸ் பெரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்த அசெம்பிளி செய்கிறவர்களுக்கு இந்த முடிவு அவர்கள் கையில் மட்டும் இல்லை. ஒப்புதல் பெற்ற சப்ளையர் பட்டியல் வாடிக்கையாளரிடம் இருக்கும். அவர் அனுமதி இல்லாமல் ஆலை மாற்றினால் போர்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரக்கு திரும்பி வரும். அந்த அனுமதிக்கு ஆகும் வாரங்களையும் சூத்திரத்தின் அடைப்புக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி போர்டையும் துளை அறிக்கையையும் இப்போதே அவரிடம் கொடுத்து அனுமதியை முன்கூட்டி வாங்கிவிட்டால் அந்த வாரங்கள் போய்விடும்.

மூன்றாவது வழியை எடுக்கிறவர்கள் தொடங்க நல்ல நேரம் சீனப் பெருநாளுக்கு நான்கு மாதம் முன்பு. முதல் மாதம் உற்பத்திக் கோப்பை வாங்கித் திருத்தம் ஏற்றுவது, இரண்டாவது மாதம் மாதிரி, மூன்றாவது மாதம் 50 பேனல் ஓட்டம். நான்காவது மாதம் வரும் முதல் 100 பேனல், ஆலைகள் மூடும் வாரங்களுக்குச் சரக்காகவும் ஆகிவிடும்.